'முதல் வகுப்பு' ஜெர்மனில் எத்தனை மதிப்பெண்?

ஐயா, நான் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2021-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். முதல் வகுப்பு, சி.ஜி.பி.ஏ. 7.8. ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இங்கே ஓர் ஏஜென்சி மூலமாகச் சான்றிதழை ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். அதில் 'முதல் வகுப்பு' என்ற இடத்தில் 'மிக நன்று' என்று பொருள்படும் ஜெர்மன் தரநிலையைப் போட்டு, பக்கத்தில் 1,5 என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனியின் எச்.ஆர். "இந்த 1,5 எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறார். என்னோடு படித்த தோழிக்கு இரண்டாம் வகுப்பு. அவளுடைய மொழிபெயர்ப்பைப் பார்த்தவர்கள் "இது முழுப் பட்டமா, இல்லை ஏதாவது சின்னப் படிப்பா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரி,

முதலில் எச்.ஆருக்கு இன்றே ஒரு பதில் போட்டுவிடுங்கள். "அந்த 1,5 என் பல்கலைக்கழகம் கொடுத்ததல்ல, மொழிபெயர்த்தவர் சேர்த்தது. திருத்திய மொழிபெயர்ப்பை அனுப்புகிறேன். என் சான்றிதழில் இருப்பது முதல் வகுப்பு, சி.ஜி.பி.ஏ. 10-க்கு 7.8" என்று நான்கு வரி போதும். தாமதிக்க வேண்டாம். அவர் கேட்டது குறை கண்டுபிடிக்கும் கேள்வி இல்லை. மூலத்தில் இல்லாத எண் மொழிபெயர்ப்பில் வந்தால், அதைப் பார்ப்பவருக்கு வரும் முதல் சந்தேகம் விண்ணப்பதாரர் மேல்தான், மொழிபெயர்த்தவர் மேல் அல்ல. உங்கள் வாயாலேயே விஷயம் தெரிந்துவிட்டால் அந்தச் சந்தேகம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்து, தவறு எங்கே நடந்தது என்று பார்ப்போம். அது தெரிந்தால்தான் திருத்தச் சொல்லும்போது சரியாகக் கேட்க முடியும்.

ஒரு பட்டச் சான்றிதழ் இரண்டு தனித்தனி விஷயங்களைச் சொல்கிறது. இது எந்த நிலைப் படிப்பு என்பது ஒன்று: இளநிலையா, முதுநிலையா, எத்தனை ஆண்டு. அந்தப் படிப்பை நீங்கள் எவ்வளவு நன்றாக முடித்தீர்கள் என்பது மற்றொன்று. நம் ஊர் 'வகுப்பு' இந்த இரண்டாவதை மட்டும்தான் சொல்கிறது. உங்களுடைய பி.இ.யும் உங்கள் தோழியுடைய பி.இ.யும் ஒரே நிலைப் பட்டம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த ஒரு சொல்லை அப்படியே ஜெர்மனில் போட்டதால், உங்கள் தோழிக்கு நிலையே குறைந்துபோனது போல ஆகிவிட்டது. உங்களுக்கோ தரம் அளவுக்கு மீறி ஏறிவிட்டது.

தோழியின் மொழிபெயர்ப்பில் 'ஸ்வைடெ கிளாஸெ' என்று இருக்கும் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஜெர்மன்காரர் காதில் அது பள்ளிக்கூடத்து இரண்டாம் வகுப்பு. இல்லாவிட்டால் ரயிலில் இரண்டாம் வகுப்புப் பெட்டி. அதே சொல்லில் இருந்து வரும் 'ஸ்வைட்கிளாஸிக்' என்ற பெயரடைக்கு 'மட்டமான' என்றுதான் பொருள். அங்கே எந்தப் பல்கலைக்கழகமும் பட்டத்தை வகுப்பாகப் பிரிப்பதில்லை, எண்ணாகத்தான் தரும். தசமப் புள்ளி வர வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுவார்கள். 1,0 முதல் 1,5 வரை 'மிக நன்று', 1,6 முதல் 2,5 வரை 'நன்று', 2,6 முதல் 3,5 வரை 'திருப்திகரம்', 3,6 முதல் 4,0 வரை 'போதுமானது'. 4,0-க்கு மேல் போனால் தோல்வி. எண் சிறியதாக இருக்க இருக்கத் தரம் அதிகம், நமக்கு நேர் எதிர். இப்படிப் பழகியவர் கையில் 'இரண்டாம் வகுப்பில் முடித்த பொறியியல்' என்று ஒரு தாள் வந்தால், பொறியியல் படிப்பிலேயே முதல் தரம், இரண்டாம் தரம் என்று இரண்டு வகை இருக்கிறது, இவர் கீழ்வகையில் படித்தவர் என்று அவர் நினைப்பது இயல்புதான். அவர் கேட்டது அதைத்தான்.

உங்கள் ஏஜென்சி இந்தச் சிக்கலைத் தெரிந்துகொண்டுதான் வேறு வழி பார்த்திருக்கிறது. 'முதல் வகுப்பு' என்றால் உயர்ந்தது, ஜெர்மனியில் உயர்ந்தது 'மிக நன்று', ஆகவே அதைப் போடுவோம் என்று நல்ல எண்ணத்தில் செய்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் முதல் வகுப்பு மிக உயர்ந்ததும் அல்ல. நீங்கள் படித்த 2017 ஒழுங்குமுறையில் அதற்கு மேலே 'டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு' இருக்கிறது. அதற்குச் சி.ஜி.பி.ஏ. 8.50 வேண்டும், எல்லாத் தாளையும் முதல் தடவையிலேயே பாஸ் செய்திருக்கவும் வேண்டும். முதல் வகுப்புக்கு 7.00. அதற்குக் கீழே பாஸ் ஆன எல்லோருக்கும் இரண்டாம் வகுப்பு. மூன்று படியில் உங்களுடையது நடுப்படி. அதை உச்சிப்படியாக எழுதியதுதான் இங்கே நடந்த தவறு.

இப்போது அந்த 1,5 எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் எண்ணாக மாற்ற அங்கே பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்துவது 'திருத்திய பவேரியச் சூத்திரம்' என்ற ஒன்று. அது இவ்வளவுதான்:

```
x = 1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

இதில் Nmax என்பது எடுக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண், Nmin என்பது பாஸ் ஆவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண், Nd என்பது நீங்கள் எடுத்தது. உங்கள் அளவுகோலில் அதிகபட்சம் 10. குறைந்தபட்சம் எது? நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். உங்கள் ஒழுங்குமுறைப்படி 50 மதிப்பெண்ணில் பாஸ். அந்த 50 முதல் 60 வரைக்கும் கிடைக்கும் கிரேடு 'பி', அதன் புள்ளி 6. அதற்குக் கீழே பாஸ் கிரேடே இல்லை. ஆகவே பாஸ் ஆனவர் யாருக்கும் சி.ஜி.பி.ஏ. 6-க்குக் கீழே வர வழியில்லை, Nmin = 6.

10-ல் இருந்து 7.8 போனால் 2.2. 10-ல் இருந்து 6 போனால் 4. 2.2-ஐ நான்கால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.65. ஒன்றைக் கூட்டினால் 2.65. ஜெர்மன் அளவில் அது 'திருப்திகரம்'.

இதே ஆளை வேறு மாதிரியும் கணக்கிடலாம். சி.ஜி.பி.ஏ.யைப் பத்தால் பெருக்கி 78 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, பாஸ் மார்க் 50 என்று போட்டால் 2.32 வருகிறது. அது 'நன்று'. இந்திய அளவுகோலைச் சரியாகப் பார்க்காத ஒருவர் குறைந்தபட்சத்தை 4 என்று எடுத்துக்கொண்டால் 2.1 வந்துவிடும். ஒரே மாணவி, ஒரே படிப்பு, குறைந்தபட்சமாக எதை எடுத்தோம் என்பதை மட்டும் வைத்து ஒரு முழுத் தரநிலை ஏறி இறங்குகிறது. ஆனால் எப்படிப் போட்டாலும் 1,5 வரவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் சூத்திரத்தில் 1,5 வாங்க, குறைந்தபட்சம் 6 என்ற கணக்கில் சி.ஜி.பி.ஏ. 9.33 வேண்டும். 8.50 எடுத்து டிஸ்டிங்ஷன் வாங்கியவருக்கே ஏறத்தாழ 2,1தான் கிடைக்கும். எச்.ஆர். கையில் கால்குலேட்டர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் இது தெரிந்துவிடும், அவருக்குத் தெரிந்துதான் கேட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

"அப்படியானால் மொழிபெயர்ப்பில் 2,65 என்று போட்டுவிடலாமா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். சரியான எண்ணாக இருந்தாலும் அது இருக்க வேண்டிய இடம் மொழிபெயர்ப்பு அல்ல. மொழிபெயர்ப்பாளர் தன் முத்திரையின் கீழ் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் உறுதி கொடுக்கிறார்: மூலத்தில் உள்ளது எதுவும் விடுபடவில்லை, இல்லாதது எதுவும் சேரவில்லை, சரியாகப் பெயர்க்கப்பட்டிருக்கிறது. மதிப்பிடுவது வேறொருவர் வேலை. பல்கலைக்கழகமாக இருந்தால் அதன் சேர்க்கைப் பிரிவு அதைச் செய்யும், வேலை என்றால் கம்பெனி தன் வழியில் செய்துகொள்ளும். அவர்கள் கணக்கிடத் தேவையான எல்லாவற்றையும் தெளிவாகக் கையில் கொடுப்பதுதான் உங்கள் பக்கத்து வேலை. இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சூத்திரத்துக்கு, உங்கள் வகுப்பில் எத்தனை பேர் 8-ஐத் தாண்டினார்கள் என்பது தெரியாது. 2,65 என்ற தனி எண் உங்களைக் குறைத்தும் காட்டலாம். '10-க்கு 7.8, பாஸ் 6, முதல் வகுப்பு' என்று முழு அளவுகோலோடு வரும்போது படிப்பவர் நிதானமாக எடைபோடுவார்.

சரி, திருத்திய மொழிபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும்?

பட்டத்தின் பெயரும் வகுப்பின் பெயரும் சான்றிதழில் உள்ள ஆங்கிலச் சொற்களிலேயே, மேற்கோள் குறிக்குள் நிற்கட்டும். வகுப்பின் முன்னால் 'மொத்தத் தரநிலை' என்று பொருள்படும் 'கெஸாம்ட்பிரெடிகாட்' என்ற ஜெர்மன் சொல்லைப் போடச் சொல்லுங்கள். அங்கே பட்டச் சான்றிதழ்களில் இறுதித் தரநிலைக்கு வழங்கும் சொல் அது. அதைப் பார்த்தவுடனே, பின்னால் வருவது தரத்தைப் பற்றிய பேச்சு, படிப்பின் நிலையைப் பற்றியதல்ல என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். உங்கள் தோழியின் பிரச்சினை பாதி அந்த ஒரு சொல்லிலேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு அடிக்குறிப்பு. மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தெளிவாக அடையாளம் காட்டி, பக்கத்தின் அடியில் போடுவது அங்கே ஏற்கப்பட்ட வழக்கம். சான்றிதழ் சொல்வதையும் மொழிபெயர்ப்பாளர் விளக்குவதையும் அது தனித்தனியாக வைக்கிறது. உங்கள் இருவருக்கும் ஒரே குறிப்பு போதும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

"இந்தப் பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப்படி, நான்காண்டுப் பொறியியல் இளநிலைப் பட்டத்தின் மொத்தத் தரநிலை மூன்று படிகளாக வழங்கப்படுகிறது. டிஸ்டிங்ஷனுடன் முதல் வகுப்பு: 8.50-ம் அதற்கு மேலும், எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியில் தேர்ச்சி. முதல் வகுப்பு: 7.00-ம் அதற்கு மேலும். இரண்டாம் வகுப்பு: தேர்ச்சி பெற்ற மற்ற அனைவரும். அளவுகோலில் அதிகபட்சம் 10, தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் 6. மூன்று படிகளிலும் வழங்கப்படும் பட்டம் ஒன்றே."

கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். உங்கள் தோழியிடம் கேட்ட கேள்விக்கு நேரான பதில் அது. வகுப்பு விதிமுறைகளை மொழிபெயர்ப்பாளர் தன் நினைவில் இருந்து எழுதக் கூடாது, நீங்களும் வாய்மொழியாகச் சொல்லக் கூடாது. உங்கள் பேட்சுக்குரிய ஒழுங்குமுறைப் பிரதியில் அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள். ஒழுங்குமுறை சில ஆண்டுக்கொரு தடவை மாறுகிறது; வகுப்புக்கான எல்லைகளும் கூடவே மாறுகின்றன. சீனியர் ஒருவரின் மொழிபெயர்ப்பைப் பார்த்து எண்ணைக் காப்பியடித்தால் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

முதல் முயற்சி பற்றிய அந்த நிபந்தனையையும் குறிப்பில் சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் சி.ஜி.பி.ஏ. 8.7 இருந்தும், மூன்றாம் செமஸ்டரில் ஓர் அரியர் விழுந்ததால் வெறும் 'முதல் வகுப்பு' என்று வாங்கியவர்கள் நிறைய இருக்கிறார்கள். எல்லையைத் தாண்டியவருக்கு ஏன் மேல்படி கிடைக்கவில்லை என்று வெளிநாட்டில் படிப்பவருக்குப் புரியாது. எண்ணிலேயே பிழையோ என்று நினைப்பார். இந்தப் பத்தியைப் படிக்கும் மற்றவர்களில் யாருக்காவது அப்படி இருந்தால் அந்த நிபந்தனை அவசியம் குறிப்பில் வர வேண்டும். அரியரைச் சொல்லிவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம், செமஸ்டர் மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியும்.

மதிப்பெண் பட்டியல் என்றதும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரும் கோப்புகளில் அடிக்கடி காண்பது, முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்புவது. கிரேடு, புள்ளி, மதிப்பெண் வரம்பு எல்லாம் சேர்ந்த அட்டவணை சிறிய எழுத்தில் தாளின் பின்பக்கத்தில் இருக்கும். அது இல்லாமல் முன்பக்கத்து 'ஏ பிளஸ்', 'பி பிளஸ்' எதற்கும் அர்த்தமில்லை. 'பி' என்பது பாஸுக்கான கடைசிப் படி என்பதை ஒருவர் அந்த அட்டவணையில்தான் பார்க்க முடியும், மேலே போட்ட கணக்கில் 6 என்ற எண்ணுக்கு ஆதாரமும் அதுதான். ஆகவே எல்லாத் தாளையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் ஏதாவது அச்சாகியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்து மொழிபெயர்க்கக் கொடுங்கள். அட்டவணை உங்கள் தாளில் இல்லாவிட்டால் ஒழுங்குமுறையில் இருந்து அந்தப் பக்கத்தைத் தனி ஆவணமாக இணையுங்கள்.

பட்டத்தின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். பி.இ.யை ஜெர்மன் பட்டமாக மாற்றி 'டிப்ளோம்-இன்ஜெனியூர்' என்று எழுதும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் மிகைப்படுத்தல் அல்ல, சட்டச் சிக்கல். வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தை அது வழங்கப்பட்ட வடிவிலேயே பயன்படுத்த வேண்டும், பக்கத்தில் நேர்ப்பொருளை விளக்கமாகத் தரலாம், ஜெர்மன் பட்டமாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது அங்கே விதி. 'இன்ஜெனியூர்' என்ற தொழிற்பெயருக்கே மாநிலச் சட்டங்களின் பாதுகாப்பு இருக்கிறது. உரிமையில்லாமல் பட்டப்பெயர் பயன்படுத்துவது குற்றவியல் சட்டத்தின் 132ஏ பிரிவில் வருகிறது. உங்கள் பயோடேட்டாவிலும் பி.இ. பி.இ.யாகவே இருக்கட்டும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவர்களுக்கு இதைவிடக் கூடுதல் கவனம் தேவை: ஜெர்மனில் 'டிப்ளோம்' என்பது பல்கலைக்கழகப் பட்டம். நம் மூன்றாண்டு டிப்ளமோவை அந்தச் சொல்லால் எழுதினால், இல்லாத ஒரு பட்டத்தைக் கோரியதாக ஆகிவிடும்.

உங்கள் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்துக்கு மட்டும் அங்கீகாரம் பெற்றவராக இருப்பார், பரவாயில்லை. ஆனால் தமிழ்ப்பகுதியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடக் கூடாது. 'இந்த இடத்தில் தமிழில் எழுத்து உள்ளது, பெயர்க்கப்படவில்லை' என்று சதுர அடைப்புக்குள் ஒரு வரி போட வேண்டும். முத்திரை, கையொப்பம், பல்கலைக்கழகச் சின்னம் எல்லாவற்றுக்கும் அதே முறைதான். உங்கள் ஏஜென்சி கொடுத்த மொழிபெயர்ப்பில் இப்படிச் சதுர அடைப்புகள் ஒன்றுகூட இல்லையென்றால், செய்தவர் இந்தத் தொழிலின் முறை தெரியாதவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனால் அதே ஏஜென்சியிடம் திருத்தி வாங்குவதா, புதிதாகச் செய்வதா என்பதை யோசித்து முடிவெடுங்கள். ஜெர்மன் நீதிமன்றங்களில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்கள் என்று ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டியல் justiz-dolmetscher.de என்ற அரசுத் தளத்தில் பொதுவாகக் கிடைக்கும். மொழியைத் தேர்ந்து தேடினால் பெயரும் ஊரும் வரும், ஸ்கேன் அனுப்பியே வேலையை முடித்துக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கே புதிதாகவே செய்வேன். ஏஜென்சியிடமே போவதாக இருந்தால், பேனாவால் அடித்துத் திருத்தித் தருவதை ஏற்க வேண்டாம். புதுத் தேதியோடு புது மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேளுங்கள். பழையதை வேறு எங்கும் பயன்படுத்தாதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. உங்கள் சான்றிதழ் ஆங்கிலத்தில் இருக்கிறது. கம்பெனிக்கு ஜெர்மன் மொழிபெயர்ப்பு உண்மையில் வேண்டுமா என்று கேட்டுவிட்டீர்களா? ஆங்கிலச் சான்றிதழை அப்படியே ஏற்கும் முதலாளிகள் அங்கே நிறைய. அப்படி ஏற்றால் இந்தச் செலவே வேண்டாம். மேலே சொன்ன அளவுகோல் குறிப்பை மட்டும் நீங்களே ஆங்கிலத்தில் ஒரு தனித்தாளாக, ஒழுங்குமுறைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பினால் போதும். அந்தத் தாளில் 'இது விண்ணப்பதாரர் தயாரித்த விளக்கம்' என்று தலைப்பில் எழுதிவிடுங்கள், பல்கலைக்கழக ஆவணம் போலத் தோன்றக் கூடாது.

இவ்வளவும் தரத்தைப் பற்றியது. நிலையைப் பற்றிய கேள்விக்கு, அதாவது 'இது முழுப் பட்டமா' என்பதற்கு, மொழிபெயர்ப்பைவிட வலுவான ஆதாரம் இருக்கிறது. ஜெர்மன் மாநிலங்களின் கல்வி அமைச்சர்கள் மாநாட்டின் கீழ், போன் நகரில் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகம் ஒன்று இயங்குகிறது. அது நடத்தும் இலவசத் தரவுத்தளம்தான் anabin. அதில் இந்தியாவைத் தேர்ந்து, முதலில் நிறுவனம் தேடுங்கள். உங்கள் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடி, காணோம் என்று பயந்து போகிறவர்கள் பலர். கல்லூரி பட்டம் தருவதில்லை, பல்கலைக்கழகம்தான் தருகிறது. ஆகவே சான்றிதழின் தலையில் உள்ள பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். பெயருக்கு எதிரே H+ என்று இருந்தால் அது ஜெர்மனியில் உயர்கல்வி நிறுவனமாக ஏற்கப்பட்டது. பிறகு பட்டங்களின் பகுதிக்குப் போய் உங்கள் பட்டத்தை எடுத்தால், அது எந்த ஜெர்மன் நிலைக்கு இணை என்று காட்டும். 'பொருந்துகிறது' என்று பொருள்படும் 'என்ட்ஷ்பிரிக்ட்' அல்லது 'சம மதிப்புள்ளது' என்று பொருள்படும் 'கிளைக்வெர்டிக்' என்ற இரண்டு சொற்களில் ஒன்று அங்கே இருக்க வேண்டும். இரண்டு பக்கங்களையும் பி.டி.எஃப். ஆக எடுத்துக்கொள்ளுங்கள். விசா நேரத்திலும் இதே அச்சுப் பிரதிகளைத்தான் கேட்பார்கள்.

அந்தப் பக்கத்தில் வகுப்பைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. நிலையைத் தீர்மானிப்பதில் அதற்கு இடமே இல்லை. உங்கள் தோழி அதை எடுத்து அனுப்பினால், உங்களுக்குக் கிடைக்கும் அதே நிலைதான் அவருக்கும் கிடைக்கும். பட்டம் அந்தத் தளத்தில் இல்லாதவர்கள், அல்லது கம்பெனி தனி ஆவணமே வேண்டும் என்று அடம்பிடித்தால், அதே மைய அலுவலகத்தில் தனிநபர் ஒப்பீட்டுச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 208 யூரோ. உங்கள் இருவருக்கும் இப்போதைக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். முதலில் இலவசமானதை அனுப்பிப் பாருங்கள்.

பயோடேட்டாவிலும் ஒரு திருத்தம் செய்துவிடுங்கள். ஏஜென்சி போட்ட 1,5-ஐ அதிலும் எழுதியிருந்தால் எடுத்துவிட்டு, 'முதல் வகுப்பு, சி.ஜி.பி.ஏ. 7.8 / 10, தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் 6' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். ஆன்லைன் விண்ணப்பப் படிவம் ஜெர்மன் எண்ணையே கட்டாயமாகக் கேட்டால் மட்டும் 2,65-ஐ அவர்கள் படிவம் ஏற்கும்படி சுருக்கிப் போட்டு, குறிப்புப் பெட்டியில் எந்தச் சூத்திரம், எந்த அதிகபட்சம், எந்தக் குறைந்தபட்சம் என்று ஒரு வரி சேருங்கள். சதவீதக் கணக்கில் 2,3 வருகிறதே, அதைப் போடலாமே என்று தோன்றும். உங்கள் சான்றிதழ் புள்ளியில்தான் இருக்கிறது, சதவீதத்தில் இல்லை. ஆவணத்தில் அச்சாகியிருக்கும் அளவுகோலில் கணக்கிட்டதைத்தான் கேள்வி வந்தால் நீங்கள் நிறுவ முடியும்.

உங்கள் தோழி புது மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அவரிடம் கேட்டவருக்கு anabin பக்கங்கள் இரண்டையும், ஒழுங்குமுறையில் வகுப்பு விதி உள்ள பக்கத்தையும் இணைத்து, 'நான்காண்டு முழுநேரப் பட்டம். இரண்டாம் வகுப்பு என்பது அதில் பெற்ற மொத்தத் தரநிலை' என்று இரண்டு வரி எழுதி இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு தயாரானதும் அதைத் தனியாக அனுப்பிக்கொள்ளலாம்.